அவர் எடையில் நான் நடந்தது

எனக்குத் தொப்புளுக்கு மேலே ஒரு புடைப்பு வந்தது. இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்கு எட்டிப் பார்க்கும். மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். வலி என்று பெரிதாக இல்லாததால் ஒரு வருஷம் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டே காலத்தை ஓட்டினேன். கடைசியில் ராமநாதபுரத்திலேயே ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். அந்தம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "குடலிறக்கம். உள்ளே வலை வச்சுத் தைக்கணும். ஆனா இந்த எடையோட தைச்சா தையல் நிக்காது. எட்டுக் கிலோ குறைச்சுட்டு வாங்க. உள்ளே போகாம நின்னுக்கிட்டாலோ வலி கூடினாலோ அன்னைக்கே ஓடி வந்துருங்க" என்றார்.

எட்டுக் கிலோ. என்னமோ மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி சொல்லிவிட்டார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தவள் இல்லை நான். எங்கள் கடற்கரை ஊர்களில் தேங்காய்ப்பால் இல்லாமல் மீன் ஆணம் வைத்தால் அடுப்பே கோபித்துக்கொள்ளும்.

ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். காரணம் உண்டு. மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, நாலு மாதம் கழித்து லீவு. துபாயில் ஒரு கட்டுமானச் சாமான் குடோனில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் வருவார். அந்த முப்பது நாளுக்குள் ஆபரேஷன் நடந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு.

எனக்குக் கத்தியைக் கண்டு பயமில்லை. கண் முழிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார் என்பதுதான் பயம். மகள் பிறந்தபோது அவர் அங்கே. என் வாப்பா மவுத்தானபோது அவர் அங்கே. மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்தபோதுகூட ஸ்பீக்கரில்தான் 'சம்மதம்' சொன்னார். மகளும் இப்போது சிங்கப்பூரில் குடும்பம் நடத்துகிறாள். மூன்று படுக்கையறை வைத்துக் கட்டிய வீட்டில் நான் ஒருத்தி கிடக்கிறேன். ஒரு அறையில் லைட்டைப் போட்டு மறந்துவிட்டால் அணைக்கச் சொல்லித் திட்டக்கூட ஆள் இல்லை. என் வாழ்நாளில் ஒரே ஒரு முக்கியமான நாளிலாவது அவர் என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு வெறியாகவே இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் பத்து நாளில் ஒரு வாட்ச் கொடுத்தனுப்பினார். ஊருக்கு வந்த ஒரு ஏர்வாடிக்காரர் கொண்டுவந்து தந்தார். கையில் கட்டினால் நாடி, நடை, எரித்த கலோரி எல்லாம் காட்டும் வாட்ச். டப்பாவோடு புதுசாகக் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டில் கேள்வி கேட்பார்களோ என்று, மச்சானே தன் கையில் கொஞ்ச நாள் கட்டி, தன் பேரில் கணக்குத் திறந்து, பழசாக்கித்தான் அனுப்பியிருந்தார். எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்கிறதுதான். சட்டையைக்கூட ஒரு தடவை உடுத்தித்தான் அனுப்புவார்கள்.

மொபைல் கடைக்காரர் அதை என் போனோடு சேர்த்துக் கொடுத்தார். "பேர் அண்ணன் பேரா இருக்கே, மாத்திரட்டுமாக்கா?" என்று கேட்டார்.

"கிடக்கட்டும்" என்றேன்.

கிடக்கட்டும் என்று சொன்னதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. காலையில் கட்டினால் அந்த வாட்ச் அவர் பேரைச் சொல்லிக் காலை வணக்கம் போடும். வெறும் எழுத்துதான். ஆனால் விடிந்ததும் வீட்டில் அவர் பேரைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. தவிர, கணக்கு அவருடையது என்பதால் என் நாடியும் நடையும் அங்கே அவர் போனிலும் தெரிந்தது. "இப்ப மாடி ஏறினியா? நாடி எகிறுதே" என்று குடோனிலிருந்து மெசேஜ் போடுவார். என் உடம்பில் நடக்கிறதை ஒருத்தர் கூடவே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது இருபத்தைந்து வருஷத்தில் எனக்குப் புதுசு.

ஜிம் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. காலை பத்து மணிக்கு மேல் பெண்களுக்கு மட்டும். சொல்லிக் கொடுக்கிற பிள்ளை உடற்கல்வி படித்தவள், சிவகங்கைப் பக்கம். குடலிறக்கம் என்று சொன்னதும், "எடை தூக்குற பக்கமே வராதீங்கக்கா. நடக்கிற மிஷினும் சைக்கிளும் போதும்" என்று ஒதுக்கிவிட்டாள். நான் மிஷினில் ஏறி, முன்னால் இருக்கிற கம்பியைக் கப்பல் கைப்பிடி மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நடந்தேன். இறங்கிப் பார்த்தால் வாட்ச் ஐந்நூறு கலோரிக்கு மேல் எரித்ததாகக் காட்டியது. மிஷின் வேறு ஏதோ ஒரு எண்ணைக் காட்டியது, அது குறைச்சல். குறைத்துச் சொல்கிறவனை யார் நம்புவார்? நான் வாட்ச்சை நம்பினேன்.

அந்த ஐந்நூறு எனக்கு ரொம்பத் தேவையாக இருந்தது. ஏனென்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நானும் மச்சானும் ராத்திரிச் சாப்பாட்டைப் பல வருஷமாக ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். இஷா தொழுதுவிட்டு நான் போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைப்பேன். அங்கே அவர் அறையில் கட்டிலில் பேப்பரை விரித்து, குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் வைத்துக்கொண்டு உட்காருவார். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். அவர் மெல்லுகிற சத்தம் கேட்கும், நான் மெல்லுகிற சத்தம் அவருக்குக் கேட்கும். எங்கள் குடும்பம் என்று சொன்னால் அந்த அரை மணி நேரம்தான். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நான் கையைக் கழுவினால் அவரும் கழுவிவிடுவார். "நீ எந்திரிச்ச பொறகு எனக்கு மட்டும் என்ன, தொண்டையில இறங்காது" என்பார். பகல் முழுக்க வெயிலில் சாமான் எண்ணிவிட்டு வருகிற மனுஷன். அதனால் அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நானும் எதையாவது மென்றுகொண்டே இருப்பேன். என் எடை ஏறிய கதை அதுதான், வேறு மர்மம் கிடையாது.

எடையைக் குறைக்கணும் என்றதும் முதல் அடி அந்தச் சாப்பாட்டில்தான் விழும் என்று பயந்திருந்தேன். வாட்ச் வந்து காப்பாற்றியது. அவர் அங்கே போனைப் பார்த்து, "இன்னைக்கு நடந்ததுல மட்டும் ஐந்நூத்தி நாப்பது எரிச்சிருக்கே, மாஷா அல்லாஹ். ரெண்டு புரோட்டாவுக்கு அனுமதி உண்டு" என்பார். நானும் அனுமதி கிடைத்த மகாராணியாக இரண்டு புரோட்டாவைச் சால்னாவில் ஊறப் போடுவேன். எரித்ததைத்தானே தின்கிறோம், புதுசாக ஒன்றும் சேரவில்லையே என்று இரண்டு பேருக்கும் மனசு நிறைந்தது. அந்த மாதம் நாங்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

மாதம் முடிந்து ஜிம் தராசில் ஏறினேன். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

தராசு கெட்டுப்போச்சு என்றேன். மருந்துக்கடைத் தராசில் ஏறினேன். அதுவும் அதையே சொன்னது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கைப்பையைக் கீழே வைத்தேன். கடைக்காரர், "முக்காட்டையும் கழட்டிருவீங்களோன்னு பயமா இருக்கு, இறங்குங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சிரிக்கிற நிலையில் இல்லை. மறுபடி ஜிம்முக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, தெனம் ஐந்நூறு எரிக்கிறேன். வாட்ச் பொய் சொல்லுதா, இல்ல நான் சொல்றேனா?"

"கையைக் காட்டுங்கக்கா" என்றாள்.

வளையலுக்கு மேலே வாட்ச் வளையம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி மேலே ஏற்றி, தோலோடு ஒட்டும்படி வாரை இறுக்கினாள். பின்பக்கம் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரிவதைக் காட்டினாள். அந்த வெளிச்சம் தோலுக்குள் போய், ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவதைப் பார்த்துத்தான் நாடியை எண்ணுகிறதாம். வாட்ச் தொளதொளவென்று ஆடினால் வெளிவெளிச்சம் புகுந்து எண்ணிக்கை தப்பிப்போகுமாம். பிறகு என்னை மிஷினில் ஏற்றி நடக்க விட்டாள். மூச்சு ஏறியதும் இறக்கி, என் கழுத்து நரம்பில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு துடிப்பை எண்ணினாள்.

"நாடி சரியாத்தான் காட்டுது. ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன" என்றாள். அவளுக்கே ஆச்சரியம். கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளுகிற இன்னொரு மிஷினில் ஏற்றிப் பார்த்தாள். அங்கே வாட்ச் தடுமாறியது. என் நெஞ்சு தடதடவென்று அடிக்கும்போது வாட்ச் சாவகாசமாகத் தொண்ணூறு சொச்சம் காட்டியது. கொஞ்சம் பொறுத்து ஒரேயடியாக எகிறியது. "கையை இறுக்கிப் பிடிச்சு ஆட்டும்போது இப்படித்தான் குழம்பும். ஒரே சீரா நடக்கும்போது நம்பலாம்" என்றாள்.

"அப்ப நடந்தது சரிதானே? அப்புறம் ஏன் எடை ஏறுது?"

அவள் என் போனை வாங்கித் தோண்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஆம்பளையா?"

"என்ன பிள்ளே பேசுற?"

"இதுல ஆண்னு இருக்கு. தொண்ணூத்தெட்டுக் கிலோன்னு இருக்கு. உயரம் அஞ்சடி பத்து அங்குலம்."

மச்சான். குடோன் வாசலில் நின்றால் வாசலையே மறைத்துவிடுகிற மச்சான். ஐந்தடி இருக்கிற எனக்கு அவர் உடம்பைப் போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறது அந்த வாட்ச்.

அவள் எனக்கு விளக்கினாள். நாடியை வாட்ச் நிஜமாகவே பார்க்கிறது. கலோரியை அது பார்ப்பதே இல்லை. நாடி இவ்வளவு, எடை இவ்வளவு, வயசு இவ்வளவு, ஆணா பெண்ணா என்று எல்லாவற்றையும் போட்டு இவ்வளவு எரிந்திருக்கும் என்று ஊகிக்கிறது. எனக்கு நடந்து பழக்கமில்லை, கொஞ்சம் நடந்தாலே நாடி எகிறும். ஒரு பெரிய ஆம்பளைக்கு நாடி அந்த அளவுக்கு ஏற வேண்டும் என்றால் அவன் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்? அந்த உழைப்பை எல்லாம் என் பேரில் எழுதிவிட்டது. என் பேரில்கூட இல்லை, அவர் பேரில்.

"உங்க விவரத்தைச் சரியாப் போட்டாலும் இது ஊகம்தான்கா. ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். அதைப் பார்த்துச் சாப்பிடாதீங்க" என்றாள்.

"அப்ப ஒன் மிஷின்? அது சரியா?"

அவள் கொஞ்சம் நெளிந்தாள். "மிஷினும் சரின்னுதான் எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன். இப்ப யோசிச்சா, யாருமே அதுல எடையைப் போட்டதில்ல. அதுவா ஏதோ ஒரு எடையை வச்சுக்குது. நீங்க வேற கம்பியைப் பிடிச்சுத் தொங்குறீங்க. பாதி உடம்பைக் கம்பி சுமக்குது."

ஊரெல்லாம் பொய், நான் மட்டும் நிஜமாகக் குண்டாகிக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. அந்தப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு நான் எடைக்காக அழுகிறேன் என்று நினைப்பு. நான் ஒரு மாதத்துக்காக அழுதேன். நாலு மாதத்தில் ஒன்று கைநழுவிப் போய்விட்டது, குறைக்க வேண்டியதும் கூடிவிட்டது.

ராத்திரி மச்சானிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து நடந்திருக்கோம், அவ்வளவுதானே" என்றார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திவிட்டார்.

"பேரை மாத்தணும் மச்சான். புதுசா என் பேர்ல திறக்கணும்னு அந்தப் பிள்ள சொல்லுது."

"கணக்கு அப்படியே இருக்கட்டும், எடையை மட்டும் மாத்தினா?"

"ஒங்க உடம்புக்கு நீங்களும் நடக்க வேண்டாமா? ஒங்களுக்குச் சர்க்கரை எட்டிப் பாக்குதுன்னு போன தடவையே சொன்னீங்கல்ல. ஒங்க கணக்கு ஒங்களுக்கு இருக்கட்டும்."

குப்பூஸைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேலையில நிக்கும்போது எடுத்துப் பாப்பேன். நீ தூங்குறியா, நடக்கிறியான்னு தெரியும். சரி, பரவால்ல, மாத்திக்க" என்றார். அதைச் சொன்ன விதத்தில் எனக்கு மாற்றவே மனசு வரவில்லை. ஆனாலும் மாற்றினேன். பெண், நாற்பத்தாறு வயசு, என் எடை, என் உயரம். அடுத்த நாள் அதே மிஷினில், கம்பியைப் பிடிக்காமல், அதே நாற்பது நிமிஷம் நடந்தேன். கால் ஓய்ந்துபோனது. வாட்ச் பழைய எண்ணில் பாதியைத்தான் காட்டியது. அதையும் நம்பக் கூடாது என்று வேறு சொல்லி வைத்திருக்கிறாள்.

எண்ணைப் பார்ப்பதை விட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் தராசு, அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டைச் சுருக்கினேன். ஒரு கிண்ணம் பாசிப்பயறும் இரண்டு துண்டு மீனும். ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நான் வெறும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் என் கிண்ணத்தைப் பார்ப்பார். நாலாவது நாள் அவர் இரண்டாவது குப்பூஸை மடித்து ஓரமாக வைத்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார். எனக்குத் தெரியாதா அவர் வயிறு?

"நீங்க சாப்பிட்டு முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்றேன்.

அன்றிலிருந்து அவர் தனியாகச் சாப்பிட்டார், நான் தனியாகச் சாப்பிட்டேன். முடித்துவிட்டுக் கூப்பிடுவார். பேச ஒன்றும் இருக்காது. சாப்பிட்டால் பேசாமல் இருக்கலாம். வெறுமனே உட்கார்ந்து பேசாமல் இருந்தால் போனை வைத்துவிடத்தான் தோன்றும். சீக்கிரமே வைத்துவிடுவோம். அந்தக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது வீடு ரொம்பப் பெரிதாக இருக்கும். தனிமை என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கு அதன் முழு அர்த்தம் அந்த மூன்று மாதத்தில்தான் தெரிந்தது. அவர் போன முதல் வருஷத்தில்கூட இப்படி இருக்கவில்லை.

எடை இறங்கியது. பயறையும் கண்ணீரையும் தின்றால் இறங்காமல் எங்கே போகும்? அவர் மதுரையில் வந்து இறங்கின அன்றைக்கு ஏழு கிலோ குறைந்திருந்தேன். விமான நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டு வேறு யாரையோ தேடுகிற மாதிரி பாவலா காட்டினார். காரில் வரும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, வாட்ச்சுக்கு மேலே விரலை வைத்து, நாடியை எண்ணிக்கொண்டே வந்தார். பரமக்குடி தாண்டும் வரைக்கும் கையை விடவில்லை.

இரண்டாம் நாளே டாக்டரம்மாவிடம் போனோம். அந்தம்மா நல்லாப் பாராட்டினார். பிறகு பழைய எடையைப் பார்த்தார். முதல் மாதத்தில் ஏறினதையும் சேர்த்தால் இன்னும் இரண்டரைக் கிலோ பாக்கி.

"இவர் போறதுக்குள்ள பண்ணிர முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிற குரல்.

"நாள் இருக்கே, பாருங்க. ரெண்டு வாரத்துல இறங்கினா வச்சுக்கலாம். அதுக்காகப் பட்டினி கிடந்துட்டு மயங்கி விழாதீங்க. அவசரமில்லாத ஆபரேஷன், சரியான நேரத்துல பண்றதுதான் நல்லது" என்றார்.

வெளியே வந்ததும் மச்சான் குடோனுக்குப் போன் போட்டு லீவை நீட்டிக் கேட்டார். முடியாது என்றுவிட்டார்கள். நான் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். இரண்டு வாரம், இரண்டரைக் கிலோ. வாட்ச்சை நம்பிக் கெட்டது போதும், இனி வாயைத்தான் நம்பணும்.

அவர் வந்தால் எங்கள் வீட்டில் சஹன் எடுப்போம். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அதே தட்டில் அவரவர் பக்கம் எடுத்துச் சாப்பிடுவது. விருந்துக்கு நாலு பேர் உட்காருகிற தட்டு. எங்களுக்கு ஆள் ஏது, இரண்டு பேராகவே உட்காருவோம். அந்தத் தடவையும் எடுத்தேன். அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் ஆக்கி, சஹனில் கொட்டி, அவர் முன்னால் வைத்துவிட்டு, நான் பயறுக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்தேன்.

முதல் நாள் அவர் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்தார். என் பக்கத்துச் சோறு கை படாமல் குவியலாகவே கிடந்தது. அடுத்த நாள் நல்ல கறித்துண்டாகப் பொறுக்கி என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன். அடுத்த நாளும் தள்ளினார், நானும் தள்ளினேன். ஒரு வாரம் அப்படிப் போனது. தராசில் முக்கால் கிலோகூட இறங்கவில்லை. ஜிம்மில் அந்தப் பிள்ளை, "முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. இன்னைக்கு மிஷின்ல ஏறாதீங்க, வீட்டுக்குப் போங்க" என்று விரட்டிவிட்டாள். நான் வீட்டுக்குப் போகாமல் கேணிக்கரைப் பக்கம் வெயிலில் நடந்தேன். நடக்க நடக்க வாட்ச்சில் நாடி ஏறியது. நின்ற பிறகும் வெகு நேரம் இறங்கவில்லை. அந்த எண்ணை மட்டும் நம்பினேன், நெஞ்சும் அதைத்தான் சொன்னது.

வீட்டுக்கு வந்தபோது மச்சானே சோறாக்கி வைத்திருந்தார். துபாய் அறையில் பருப்புக் காய்ச்சிப் பழகின கை. சஹன் பாதி நிரம்பியிருந்தது. நான் கிண்ணத்தைத் தேடினேன். காணோம். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஏன் மச்சான்?"

"உட்காரு."

"இன்னும் ஒரு வாரம்தான். இறக்கிட்டா நீங்க இருக்கும்போதே..."

"உட்காரு பிள்ளே" என்றார். கோபமாக இல்லை. "இருபத்தஞ்சு வருஷமா நான் ஒத்தையிலதான் சாப்பிடுறேன். எனக்கு எதிரே ஒரு போன் இருக்கும். அந்த மூணு மாசம் அதுவும் இல்ல. நான் ஆபரேஷனுக்கு வரல. உன்கூட உட்கார்ந்து சாப்பிட வந்தேன்."

என்னமோ நான் மட்டும்தான் தனியாகக் கிடந்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உட்கார்ந்தேன். சோறு குழைந்திருந்தது, பருப்பில் உப்புத் தூக்கல். என் பக்கத்தில் இருந்ததை முழுக்கத் தின்றேன். ஆபரேஷன் அவர் இல்லாமல்தான் நடக்கும் என்பது ஒவ்வொரு கவளத்திலும் தெரிந்தது. தெரிந்தேதான் தின்றேன். மீதி லீவு முழுக்க இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். பட்டினி இல்லை, புரோட்டாவும் இல்லை. மாலையில் இரண்டு பேருமாக நடந்தோம்.

அவர் போன பிறகு, ஒன்றரை மாதத்தில் மீதி எடையும் இறங்கியது. ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். காலையில் நாத்தனார் கூட வந்தார். அவருக்கு முழங்கால் வலி, கீழே நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே நர்ஸ் என் வாட்ச்சையும் வளையலையும் கழற்றி ஒரு கவரில் போட்டுவிட்டு, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டாள். நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை. "கீழ இருக்காங்க" என்றேன்.

கண் முழித்தபோது விளக்குதான் தெரிந்தது. பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. அது அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும் இன்னொரு தடவை பார்த்தேன். சாயங்காலம் நாத்தனார் போனைக் கொடுத்தார். மச்சான். உடம்பு எப்படி, வலி எப்படி என்று கேட்டார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இன்னும் ஒண்ணும் தரல. ராத்திரி கஞ்சி தருவாங்களாம்."

"சரி. தந்ததும் சொல்லு" என்றார். "நேத்து ராத்திரி நீ சாப்பாட்டை நிறுத்தினதும் நானும் நிறுத்திட்டேன். நீ கஞ்சி குடிச்சாத்தான் நான் குப்பூஸ் வாங்கக் கடைக்குப் போகணும்."